டையிங் பில்லுக்கு யாருங்க கையெழுத்து போடணும்?

கேள்வி: வணக்கம் சார். நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். இத்தனை நாளா எல்லா பில்லுலயும் எங்க ஓனர் தான் கையெழுத்து போடுவார். இப்ப புது சாஃப்ட்வேர் போட்டு, 25,000 வரைக்கும் டிபார்ட்மென்ட் ஹெட், 2 லட்சம் வரைக்கும் ஜிஎம், அதுக்கு மேல ஓனர்னு அப்ரூவல் வெச்சிருக்கோம். மூணு மாசம் ஆச்சு. டையிங், நிட்டிங் பில்லெல்லாம் ஓனர் கிட்ட தேங்கி நிக்குது, ஜாப் ஒர்க் காரங்க வந்து சத்தம் போடறாங்க. இன்னொரு பக்கம் 24,500, 24,800னு நெறைய பில் வருது, எனக்கு அது உறுத்துது. லிமிட்டை ஏத்தறதா எறக்கறதா? எப்படி அமைக்கறது சரிங்க சார்?

பதில்:

வணக்கம்ங்க அம்மணி. லிமிட்டை ஏத்துனாலும் சரி எறக்குனாலும் சரி இந்த ரெண்டு தொந்தரவும் போகாதுங்க. ஏத்துனீங்கன்னா 24,800 வர்ற எடத்துல 49,500 வரும், எறக்குனீங்கன்னா ஓனர் டேபிள்ல இன்னும் எச்சா தேங்கும், அவ்வளவு தான். கோளாறு லிமிட்டுல இல்லைங்க, அந்த லிமிட்டை எதுமேல வெச்சு அளக்கறீங்கங்கறதுல இருக்குது.

நீங்க அளக்கறது பில்லோட மொத்தத் தொகையை. ஆனா டையிங் பில் உங்க கைக்கு வர்றப்ப அந்த பணத்தை குடுக்கறதா வேண்டாமாங்கற முடிவு எப்பவோ முடிஞ்சு போச்சுங்க. துணியை அனுப்பி, கலர் ஏத்தி, கட்டிங் டேபிளுக்கும் வந்துருச்சு. இப்ப போயி ஓனர் 2,80,000 ரூபாயை பாத்து யோசிச்சு என்ன ஆகப் போகுது, குடுத்து தானே ஆகணும்? அவர் யோசிக்க வேண்டிய எடம் பிஓ போடற எடம். தொகை லிமிட்டை முழுசா அங்க கொண்டு போங்க. இன்ன டையிங்காரர், இன்ன கலர், இத்தனை கிலோ, கிலோவுக்கு இன்ன ரேட்டு, மொத்தம் இவ்வளவுனு பிஓ-வில ஒரு தடவை ஒப்புதல் வாங்கிட்டீங்கன்னா, பில் வர்றப்ப கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான்: ஒத்துக்கிட்டதுக்கும் பில்லுல இருக்கறதுக்கும் வித்தியாசம் எவ்வளவு? அந்த வித்தியாசத்துக்கு தான் பில் லெவல்ல அப்ரூவல் வேணும்.

ஒரு பில்லை வெச்சே பாத்துருவோம்ங்க. பிஓ-வில 1,500 கிலோ கிரே துணி, கிலோவுக்கு 110 ரூபா, கிரே வெயிட்டுக்கு பில்னு போட்டிருக்கீங்க. அப்ப 1,65,000. ஜிஎஸ்டி 5 சதவீதம்னு வெச்சுக்கிட்டா 8,250 சேந்து 1,73,250 வரணும். ஆனா பில்லு 1,520 கிலோ, 114 ரூபா ரேட்டுனு 1,73,280, ஜிஎஸ்டி 8,664, ஆக மொத்தம் 1,81,944னு வருது. உங்க இப்பத்திய முறையில இது நேரா ஜிஎம் கிட்ட போகும், அவர் 2 லட்சத்துக்குள்ள தானே இருக்குதுன்னு போட்டுருவார். அவரை குத்தம் சொல்லவும் முடியாதுங்க, அவர் ஸ்கிரீன்ல தெரியறது 1,81,944ங்கற ஒரு நம்பர் மட்டும் தான், அது சரியா தப்பாங்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லை.

வித்தியாசத்தை பிரிச்சு பாருங்க. ஜிஎஸ்டி போக 8,280 எச்சா இருக்குது. அதுல 20 கிலோ எடை வித்தியாசம், 110 ரூபா வீதம் 2,200. மீதி ரேட்டு வித்தியாசம், கிலோவுக்கு 4 ரூபா வீதம் 1,520 கிலோவுக்கு 6,080. இந்த ரெண்டும் ஒரே ஆளு பதில் சொல்ற விஷயம் இல்லைங்க. எடை 1,500 தானா 1,520-ஆங்கறது நீங்க அனுப்புன டிசி-யையும் எடை சீட்டையும் வெச்சிருக்கற ஃபேப்ரிக் டிபார்ட்மென்ட்டுக்கு தெரியும். ரேட்டு 4 ரூபா ஏன் ஏறுச்சுன்னா அது ரேட்டு பேசுனவருக்கு தான் தெரியும், டார்க் ஷேடுக்கு மாத்துனாங்களா, வாஷ் சேத்தாங்களா, இல்லை சும்மா ஏத்திப் போட்டு பாக்கறாங்களானு. டிபார்ட்மென்ட்டை இப்படித் தான் வைக்கணும்ங்க: அளவு வித்தியாசம் சரக்கை வாங்குனவங்களுக்கு, ரேட்டு வித்தியாசம் ரேட்டை ஒத்துக்கிட்டவங்களுக்கு. நெறைய கம்பெனில டிபார்ட்மென்ட்னா பில்லு எந்த கணக்குல ஏறுதோ அந்த டிபார்ட்மென்ட்னு மட்டும் வெச்சுடறாங்க, அப்பறம் ஃபேப்ரிக் மேனேஜர் தனக்கு சம்பந்தமே இல்லாத ரேட்டுக்கு டிக் அடிச்சுட்டு இருப்பார்.

எல்லா வித்தியாசத்துக்கும் ஆளை கூப்புட்டுட்டு இருக்க முடியாதுங்கறதும் நெசம் தான். அதுக்கு ஒரு அளவு விட்டுக்கொடுக்கணும். நான் சாதாரணமா சொல்றது, அளவுல 2 சதவீதம் இல்லைன்னா 2,000 ரூபா, ரெண்டுல எது கொறைவோ அது வரைக்கும் கேள்வி இல்லாம போகட்டும். ரேட்டுல ஒத்த பைசா கூட விடாதீங்க, ஏன்னா எடை நெசமாவே கொஞ்சம் ஏறி எறங்கும், பேசுன ரேட்டு தானா ஏறாது. சதவீதம் மட்டும் வெச்சா பெரிய பில்லுல ஓட்டை விழுகும், ரூபா மட்டும் வெச்சா சின்ன பில்லுல விழுகும், அதனால தான் ரெண்டையும் சேத்து வைக்கறது. மேல சொன்ன பில்லுல 20 கிலோங்கறது 1.33 சதவீதம் தான், சதவீதக் கணக்குல தப்பிச்சுரும், ஆனா 2,200 ரூபாங்கறதால 2,000-த்துல மாட்டிக்கும். 2,000 தானா 3,000-மாங்கறது உங்க பில் சைஸை பாத்து நீங்க முடிவு பண்ணிக்குங்க.

இன்னொண்ணுங்க, வித்தியாசம் 8,280 நிக்குதுன்னு மொத்த பில்லையும் நிறுத்தாதீங்க. ஜாப் ஒர்க் காரங்க சத்தம் போடறதுல பாதி இதுக்குத் தான். பில்லை முழுசா புக்குல ஏத்துங்க, ஒத்துப் போற 1,73,250-ஐ பேமென்ட்டுக்கு விடுங்க, வித்தியாசத்தை மட்டும் பிடிச்சு வைங்க. கடைசியா ஒத்துக்கலைன்னு முடிவாச்சுன்னா டையிங்காரர் கிட்ட கிரெடிட் நோட் கேட்டு வாங்கணும். நாம போடற டெபிட் நோட் நம்ம கணக்குக்கு சரி, ஆனா ஜிஎஸ்டி கொறையணும்னா அவங்க கிரெடிட் நோட் போட்டா தான் ஆகும். அதனால அப்ரூவல்ல "சரி", "வேண்டாம்"னு ரெண்டு பட்டன் மட்டும் இருந்தா பத்தாது, "ஒத்துப் போறதை விடு, மீதிய நிறுத்து"னு மூணாவது ஒண்ணு வேணும்னு சாஃப்ட்வேர் காரங்க கிட்ட கேளுங்க. முடியாதுன்னு தான் மொதல்ல சொல்வாங்க, விடாதீங்க.

இப்ப அந்த 24,800 விவகாரத்துக்கு வர்றேன். உங்களுக்கு உறுத்துது இல்லீங்களா, அது சரியாத் தான் உறுத்துது. ஆனா எடுத்த உடனே யாரையும் சந்தேகப்படாதீங்க, நெறைய எடத்துல இது திருட்டுத்தனம் இல்லைங்க, ஜிஎம் கிட்ட போனா நாலு நாள் ஆகுதுன்னு டிபார்ட்மென்ட்டே சப்ளையர் கிட்ட "ரெண்டு பில்லா போட்டு குடுங்க"ன்னு சொல்லிருப்பாங்க. திருட்டுத்தனமும் உண்டு. எதுவா இருந்தாலும் கண்டுபிடிக்கற வழி ஒண்ணு தான். இது பெரும்பாலும் பிஓ இல்லாம வர்ற பில்லுல தான் நடக்கும்: மெஷின் ரிப்பேர், ஊசி நூல், அட்டைப்பெட்டி அவசரத்துக்கு வாங்குனது, கூரியர், வண்டி வாடகை. பிஓ இல்லாத பில்லுக்கு தான் தொகை லிமிட் நெசமாவே வேலை செய்யணும், அங்க லிமிட்டை ஒரு பில்லுக்குனு வைக்காதீங்க, ஒரு சப்ளையர், ஒரு டிபார்ட்மென்ட், கடைசி 30 நாள் கூட்டுத்தொகைனு வைங்க. ஒரே வாரத்துல 24,800, 24,500, 23,900னு மூணு பில் வந்தா, மொதல் பில் டிபார்ட்மென்ட் ஹெட்டோட முடிஞ்சுரும், ரெண்டாவது வர்றப்ப கூட்டுத்தொகை 49,300, அது தானா ஜிஎம் கிட்ட போயிரும், மூணாவதுல 73,200. உடைச்சுப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு ஆயிருச்சுன்னா அந்த பழக்கம் தானா நின்னுரும்ங்க.

சாஃப்ட்வேர்ல உடனே பண்ண முடியலைன்னா இந்த மூணு மாச பில்லை எக்செல்ல எறக்கி நீங்களே பாத்துருங்க. ஏ-வில பில் தேதி, பி-யில சப்ளையர், சி-யில டிபார்ட்மென்ட், டி-யில பிஓ இருந்தா YES இல்லைன்னா NO, ஈ-யில ஜிஎஸ்டி போக தொகை, மொத வரிசை தலைப்பு. எஃப்2-ல இதை போட்டு கீழ இழுத்து விடுங்க:

```
=SUMIFS(E:E,B:B,B2,C:C,C2,D:D,"NO",A:A,">"&A2-30,A:A,"<="&A2)
```

ஈ-யில 25,000-க்குள்ள இருந்து, எஃப்-ல 25,000-ஐ தாண்டுன பிஓ இல்லாத பில்லை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க, அது தான் உங்க உறுத்தலோட லிஸ்ட்டு. ஒரே சப்ளையர் ரெண்டு பேர்ல ஏறியிருந்தா, அதாவது புள்ளி வெச்சு ஒண்ணு வெக்காம ஒண்ணுன்னு இருந்தா, இது பிடிக்காது, அதனால பேருக்கு பதிலா ஜிஎஸ்டி நம்பரை பி-யில வெச்சா இன்னும் நல்லது.

இதுலயே ஒளிஞ்சிருக்கற இன்னொரு ஓட்டைய சொல்லிடறேன், சாஃப்ட்வேர் செட் பண்றவங்க பெரும்பாலும் கவனிக்க மாட்டாங்க. ஒரே பில்லு நாலஞ்சு டிபார்ட்மென்ட்டுக்கு பிரியும். ஜெனரேட்டர் சர்வீஸ் 60,000, அதை நிட்டிங், கட்டிங், தையல்னு மூணு பேருக்கு 20,000-மா பிரிச்சு போடறீங்க. சாஃப்ட்வேர் ஒவ்வொரு வரியோட தொகைய பாத்து ஆளை தேடுச்சுன்னா, மூணு டிபார்ட்மென்ட் ஹெட்டும் தலைக்கு 20,000-க்கு ஓகே போட்டு, 60,000 ரூபா பில்லு ஜிஎம் கண்ணுலயே படாம போயிரும். எந்த டிபார்ட்மென்ட்டுங்கறதை வரி வரியா பாக்கணும், எந்த லெவல்ங்கறதை பில்லோட மொத்தத்தை பாக்கணும். உங்க சாஃப்ட்வேர் எதை பாக்குதுன்னு இன்னிக்கே ஒரு டெஸ்ட் பில் போட்டு பாருங்க. அப்படியே 25,000-ங்கறது ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலா, சரியா 25,000 வந்தா யாருக்கு போகும்ங்கறதையும் எழுதி வெச்சுருங்க. நான் ஜிஎஸ்டி சேக்காம வைக்கச் சொல்வேன், பிஓ-வும் அந்த தொகையில தானே பேசறோம், வரி சதவீதம் மாறுனா லிமிட்டை போயி மாத்திட்டு இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். இதுல தான் ஓனருக்கு நெசமான செலவு இருக்குது, அவரை ஒத்துக்க வைக்கணும்னா இதை காட்டுங்க. டையிங், நிட்டிங், பிரிண்டிங் பண்ற யூனிட் நெறைய பேரு உத்யம்ல பதிவு பண்ணுன மைக்ரோ, ஸ்மால் கம்பெனி தான். அவங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன நாள், ஆனா எப்படியும் 45 நாளுக்கு மேல போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டுனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டுவட்டி, அந்த வட்டிய வருமான வரில செலவா காட்டவும் முடியாது. அதோட 2023 நிதிச் சட்டத்துல கொண்டு வந்த 43பி(எச்), 2024 மார்ச்சுல எல்லாரும் பதறுன அதே விதி தாங்க, கெடு தாண்டி மார்ச் 31-லயும் பாக்கி நின்னா அந்த தொகைய அந்த வருஷத்து செலவா எடுத்துக்க முடியாது, லாபத்துல சேந்துரும், என்னிக்கு குடுக்கறீங்களோ அந்த வருஷம் தான் கழிக்கலாம்.

இந்த நாளை எப்ப இருந்து எண்ணறதுங்கறது தான் அப்ரூவலை பாதிக்கறது. சரக்கு கைக்கு வந்த நாள்ல இருந்து எண்ணணும், பில்லு உங்க டேபிளுக்கு வந்த நாள்ல இருந்து இல்லைங்க. துணி மார்ச் 3-ந் தேதி வந்துச்சு, பில்லு ஸ்டோர்ஸ்ல கெடந்து 19-ந் தேதி அக்கவுண்ட்ஸுக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். 45 நாள்னு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா ஏப்ரல் 17 வரைக்கும் நேரம் இருக்குது. இல்லைன்னா மார்ச் 18-லயே கெடு முடிஞ்சுது, நீங்க பில்லை திறந்து பாக்கறதுக்கு முந்தின நாளே! அதனால மொதல் வேலையா பிஓ-விலயே பேமென்ட் நாளை போட்டு, ஜாப் ஒர்க் காரர் கையெழுத்தோட ஒரு ஒப்பந்தம் வாங்கி வைங்க. ரெண்டாவது, சாஃப்ட்வேர்ல கெடு தேதிய ஜிஆர்என் தேதியில இருந்து கணக்கு பண்ண சொல்லுங்க, பில் தேதியில இருந்து வேண்டாம். ஓனர் ஸ்கிரீன்ல தொகை வரிசையில காட்டாம கெடு வரிசையில காட்டுனா போதும், பாதி தேக்கம் கொறஞ்சுரும்.

நிறுத்தி வைக்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. சரக்கு வந்து 15 நாளுக்குள்ள நாம எழுத்துல ஆட்சேபணை சொன்னா தான், அதை அவங்க சரி பண்ணுன நாள்ல இருந்து கெடு ஓடும். சொல்லலைன்னா வந்த நாளே ஏத்துக்கிட்ட நாளுன்னு ஆயிரும். நம்ம சாஃப்ட்வேர்ல "ஹோல்ட்"னு போட்டு வெச்சுட்டு ஃபோன்ல "ஷேடு சரியில்லைங்க"ன்னு சொன்னது எழுத்துல சொன்னதா ஆகாது. அதனால யாராவது ஹோல்ட் போட்டா காரணம் கேட்டு, அந்த காரணத்தோட சப்ளையருக்கு ஒரு மெயில் தானா போற மாதிரி பண்ணிருங்க. இதுல இன்னொரு நல்லது, காரணம் எழுத சோம்பல் பட்டே பாதி பேரு சும்மா ஹோல்ட் போட மாட்டாங்க.

ஓனர் ஃபேருக்கு வெளிநாடு போயிட்டாருன்னா என்ன பண்றதுன்னு அடுத்து கேப்பீங்க. இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் இன்னார்னு பேர் போட்டு பொறுப்பை மாத்தி விடணும், தேதி முடிஞ்சா தானா திரும்பிரணும். அந்த ஆளு அக்கவுண்ட்ஸ்ல இருக்கக் கூடாது, நீங்க உட்பட தாங்க, பணம் அனுப்பறவங்களே ஒப்புதலும் குடுத்தா அப்பறம் இந்த அமைப்பே எதுக்கு? அதே பில்லை கீழ லெவல்ல ஓகே பண்ணுனவராவும் இருக்கக் கூடாது. ஜிஎம் கிட்ட பொறுப்பை குடுத்துட்டா, ஜிஎம் லெவல் டிக்கையும் ஓனர் லெவல் டிக்கையும் அவரே போட்டு முடிச்சுருவார், ஒரே கை ரெண்டு தடவை. ரெண்டு வேலை நாள்ல யாரும் தொடலைன்னா பில்லு மேல போகட்டும், ஆனா எந்த காரணத்துக்கும் தானா ஓகே ஆகற மாதிரி வைக்காதீங்க, சில சாஃப்ட்வேர்ல அந்த வசதி இருக்குது, மறக்காம அணைச்சு வைங்க. வாட்ஸ்அப்ல கட்டைவிரல் அனுப்புனாரு, அதனால பணம் போட்டுட்டேங்கறதும் வேண்டாம், எந்த பில்லுக்கு அனுப்புன கட்டைவிரல்னு ஆறு மாசம் கழிச்சு யாராலயும் சொல்ல முடியாது.

ஒப்புதல் ஆனதுக்கு அப்பறம் தொகை, சப்ளையர், பேங்க் கணக்கு, பிஓ நம்பர், இந்த நாலுல எது மாறுனாலும் ஒப்புதல் விழுந்து மறுபடியும் மொதல்ல இருந்து ஓடணும். நரேஷன்ல எழுத்துப்பிழை திருத்துனா விழ வேண்டியதில்லை, அதுக்கெல்லாம் விழுந்தா ஆளுக சலிச்சுப் போயி பாக்காம டிக் அடிக்க ஆரம்பிச்சுருவாங்க. பேங்க் கணக்கு மாத்தறது மட்டும் தனி ஆளு பாக்கட்டும், பழைய நம்பருக்கு ஃபோன் போட்டு கேட்டுட்டு தான் மாத்தணும், புதுசா மெயில்ல வந்த நம்பருக்கு இல்லை. உங்க கம்பெனி பிரைவேட் லிமிடெட்னா, யாரு எப்ப என்ன திருத்துனாங்கங்கற எடிட் லாக் 2023 ஏப்ரல் 1-ல இருந்து கட்டாயம், பார்ட்னர்ஷிப்னா கட்டாயம் இல்லை, இருந்தாலும் போட்டு வைங்க.

சரி, கடைசியா ஓனர் லிமிட் எவ்வளவுனு வைக்கறது. மனசுல தோணற ரவுண்டு நம்பரை வைக்காதீங்க. போன 12 மாச பிஓ-வை தொகை வாரியா பெருசுல இருந்து சிறுசா அடுக்குங்க. ஓனர் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் உக்காந்து நெசமா படிச்சு பாக்கறதுன்னா எத்தனை பாக்க முடியும்னு அவரையே கேளுங்க, பத்துன்னு சொன்னாருன்னா, வேலை நாளுக்கு பத்து வீதம் மேல இருந்து எண்ணிட்டு வந்து எங்க நிக்குதோ அந்த தொகை தான் அவர் லிமிட். அது 1,40,000-மா இருக்கலாம், 3,10,000-மா இருக்கலாம். நூல் கொள்முதல் மட்டும் விலை ஏறி எறங்கறதால தனியா ஒரு லிமிட் வேணும், ஃபேப்ரிக்குக்கும் பேக்கிங் அட்டைப்பெட்டிக்கும் ஒரே லிமிட் வைக்கறதும் சரியா வராது.

மாத்தி அமைச்சதும் உடனே ஓட விட்டுராதீங்க. போன மாசம் வந்த பில்லை எல்லாம் புது விதியில ஓட்டி, எது யாருகிட்ட போயிருக்கும்னு ஒரு லிஸ்ட்டு எடுங்க. ஓனர் கிட்ட போறது எத்தனை, யாருகிட்டயும் போகாம நிக்கறது எத்தனை, ஒரே ஆளுக்கு ரெண்டு லெவல்லயும் போறது எத்தனைன்னு பாருங்க. யாருகிட்டயும் போகாம ஒரு பத்து பில்லாவது நிக்கும், டிபார்ட்மென்ட் கோடு காலியா இருக்கற பில்லு, வேலைய விட்டு போன மேனேஜர் பேர்ல இருக்கற பில்லு இப்படி. அதை சரி பண்ணிட்டு மொதல்ல டையிங்குக்கு மட்டும் ஓட விடுங்க, சத்தம் போடறது அவங்க தானே. நிட்டிங்கும் பிரிண்டிங்கும் அடுத்த மாசம் சேத்துக்கலாம்ங்க.